எண்ணைப் பார்த்து எழுத்தை நிரப்பாதீர்!

ரொம்ப நாளாக மனதில் கிடந்த ஒரு கோபத்தை இன்று இறக்கி வைக்கிறேன். செக் பற்றிய பதிவு. கொட்டாவி விடாமல் படியுங்கள் :-)

போன விடுமுறையில் எங்கள் திருவேங்கடம் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு அறையில் உட்கார்ந்திருந்தேன். கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகிறவர் அங்கே வாங்கும் செக்கைப் போனில் படம் எடுத்து அனுப்புவார். அதைப் பார்த்து தேதி, பெறுபவர் பெயர், செக் எண், எண்ணில் தொகை, எழுத்தில் தொகை என்று எக்செல் கட்டங்களில் ஏற்ற வேண்டும். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'முரண் உண்டா?'. அதில் ஒருநாளும் எதுவும் விழுந்ததில்லை. காரணம் எளிது. எண்ணைத் தட்டினால் எழுத்துக் கட்டத்தை எக்செல்லே நிரப்பிக்கொள்ளும். செக்கில் எழுதியிருந்ததை யாருமே படிக்கவில்லை!

ஒருநாள் வந்த செக்கில் எண்ணில் 12,090/- என்று இருந்தது. கீழே தமிழில் 'பன்னிரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்'. (தமிழில் செக் எழுதலாமா என்று கேட்காதீர்கள். தாராளமாக எழுதலாம், ரிசர்வ் வங்கியே அனுமதிக்கிறது.) பில் தொகை 12,900. கடைக்காரர் எண்ணில் பூஜ்யத்தை இடம் மாற்றிப் போட்டுவிட்டார். எங்கள் பட்டியலிலோ 'பன்னிரண்டாயிரத்துத் தொண்ணூறு' என்று சுத்தமாக ஏறியிருந்தது. செக் வங்கிக்குப் போய், எண்ணும் எழுத்தும் வேறுபடுகின்றன என்று திரும்பி வந்தது. கூடவே ஒரு கட்டணமும்.

"சட்டப்படி எழுத்துதானே தம்பி செல்லும்?" என்றார் கணக்கு அண்ணாச்சி. அவர் சொல்வது சரிதான். 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அது எவ்வளவு கடன் என்ற வழக்கைத் தீர்க்கிற விதி. வங்கியில் உட்கார்ந்திருப்பவர் நீதிபதி இல்லை. இன்று செக் தாளாகப் பயணிப்பதும் இல்லை, ஸ்கேன் செய்த படம்தான் போகிறது. அதில் முரண் கண்டால் திருப்பி அனுப்புவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. படவழித் தீர்வு முறையில் தேதியைச் சரிசெய்வதைத் தவிர வேறு திருத்தத்துக்கு இடமில்லை. புதுச் செக்தான் வாங்க வேண்டும். படம் வந்த நிமிடமே கண்டுபிடித்திருந்தால், போனவர் இன்னும் கடை வாசலில்தான் நின்றிருப்பார்!

கண் ஏன் ஏமாறுகிறது? 12,090 என்று முதலில் படித்தவனுக்கு 'தொ' என்ற எழுத்தே போதும், மீதியை மூளை 'தொண்ணூறு' என்று முடித்துக்கொள்ளும். தமிழில் இந்த வம்பு கொஞ்சம் அதிகம். தொண்ணூறில் நூறு ஒலிக்கும், மதிப்பு 90. தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கும், மதிப்பு 900. எண்ணிலும் பொறி உண்டு. 5,000/- என்பதன் கோடு நிமிர்ந்து நின்றால் 50,001 ஆகிவிடும்.

ஆகவே என் கட்சி இது. எண்ணும் எழுத்தும் இரண்டு சாட்சிகள். ஒரு சாட்சி சொன்னதை இன்னொரு சாட்சியின் வாயில் திணிக்கக் கூடாது. படத்தில் எண் இருக்கும் கட்டத்தை விரலால் மறைத்துவிட்டு, முதலில் எழுத்தை மட்டும் படித்து, அதன் மதிப்பை G-யில் தட்டுங்கள். பிறகு விரலை எடுத்து, எண்ணைப் பார்த்து F-ல் தட்டுங்கள். ஒப்பிடும் வேலையை மட்டும் எக்செல்லுக்கு விடுங்கள்:

```
=IF(OR(F2="",G2=""),"மறுபடம்",IF(F2=G2,"","முரண்"))
```

படிக்க முடியாத கட்டத்தை ஊகித்து நிரப்பாமல் காலியாக விடுங்கள். படம் மங்கல் என்பது வேறு, முரண் என்பது வேறு. அதேபோல 'லட்சம்', 'இலட்சம்' எழுத்து வித்தியாசமும் 1,25,000-ஐ 125,000 என்று காற்புள்ளி மாற்றிப் போடுவதும் முரண் ஆகாது. மதிப்பு ஒன்றுதான். இவற்றுக்கெல்லாம் கொடி தூக்கினால், நிஜ முரண் வரும்போது ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று. முரண் தெரிந்ததும் "பில் 12,900தானே" என்று எண்ணை நீங்களே திருத்திவிடாதீர்கள். பட்டியலில் திருத்தினால் செக்கில் திருந்திவிடுமா? இருப்பதை இருப்பதுபோல் ஏற்றுங்கள், முரண் என்று சொல்லுங்கள், கடைக்காரருக்குப் போன் போடச் சொல்லுங்கள். உங்கள் வேலை அவ்வளவுதான்.

"ஒரு செக்குக்கு அரை நிமிஷம் கூடுதலாகுமே" என்றார் அண்ணாச்சி. ஆகட்டும் அண்ணாச்சி. திரும்பி வந்த அந்த ஒரு செக்குக்காக எத்தனை நாள் அலைந்தோம் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிலும் சொல்லலாம், எழுத்திலும் சொல்லலாம் ;-)