பார்ட்னர் செய்த தவறுக்கு உங்கள் ஃபிளாட் போகுமா? எல்எல்பி, பார்ட்னர்ஷிப் வித்தியாசம் என்ன?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, நண்பர்கள் இரண்டு பேர் கன்சல்டன்சி தொடங்குகிறார்கள். பார்ட்னர்ஷிப்பா, எல்எல்பியா? பலரும் வரியைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஆனால், வருமான வரி விகிதம் இரண்டுக்கும் ஒன்றுதான்: 30 சதவீதம். இன்ஜினீயரிங் போன்ற சில தொழில்களில், வரவில் பாதியை லாபமாகக் காட்டும் வசதி பார்ட்னர்ஷிப்புக்கு உண்டு, எல்எல்பிக்குக் கிடையாது. பெரிய வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு. அடையாறில் இரண்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர்கள். ஒருவர் போட்ட டிசைனில் தவறு. கிளையன்ட்டுக்கு 30 லட்சம் நஷ்டம் எனத் தீர்ப்பாகிறது. நிறுவனக் கணக்கில் இருப்பதோ 5 லட்சம். மீதி 25 லட்சம் யார் தலையில் விழும்?

1932-ம் ஆண்டு பார்ட்னர்ஷிப் சட்டப்படி, இருவர் தலையிலும். அந்த டிசைனைக் கண்ணால்கூடப் பார்க்காத பார்ட்னரிடமே முழு 25 லட்சத்தையும் கிளையன்ட் வசூலிக்கலாம். அவருடைய தி.நகர் ஃபிளாட் வரை கை வைக்க முடியும். ‘நான் செய்யலையே’ என்பது அங்கே எடுபடாது.

2008-ம் ஆண்டு எல்எல்பி சட்டத்தில் கதை மாறுகிறது. எல்எல்பியின் சொத்து போகும். தவறு செய்தவரின் சொந்தச் சொத்தும் போகலாம். மற்றவர் தப்பிப்பார். இதைத்தான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்: எல்எல்பி உங்களை உங்கள் தவறிலிருந்து காப்பாற்றாது, பார்ட்னரின் தவறிலிருந்துதான் காப்பாற்றும். எல்லா ரிப்போர்ட்டிலும் இருவருமே கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பும் மெலிந்துவிடும். வங்கிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் கொடுத்தாலும் அப்படித்தான்.

இதற்கு விலை உண்டு. வியாபாரமே நடக்காவிட்டாலும் எல்எல்பி ஆண்டுதோறும் மே 30-க்குள் படிவம் 11, அக்டோபர் 30-க்குள் படிவம் 8 தாக்கல் செய்தாக வேண்டும். 2022 மார்ச் வரை, தாமதமானால் ஒரு படிவத்துக்கு நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பே கிடையாது. ‘சும்மா பதிஞ்சு வைப்போம்’ என்று விட்டவர்கள் அப்போது நன்றாக மாட்டிக்கொண்டார்கள். இப்போது கட்டண முறை மாறிவிட்டது, ஆனாலும் அபராதம் இருக்கிறது. வரவு 40 லட்சத்தைத் தாண்டினாலோ, பார்ட்னர்கள் போட்ட முதல் 25 லட்சத்தைத் தாண்டினாலோ ஆடிட்டும் கட்டாயம்.

அப்போ பத்திரம் மட்டும் எழுதி பார்ட்னர்ஷிப்பே வெச்சுக்கலாமா? வைத்துக்கொள்ளலாம், பதிவு கட்டாயமில்லை. ஆனால், பதிவு செய்யாத நிறுவனம், ஃபீஸ் தராத கிளையன்ட் மீது ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது. அவர் உங்கள் மீது போடலாம்! எனவே பார்ட்னர்ஷிப்பாகவே இருந்தாலும் பதிவுத் துறையில் பதிந்துவிடுங்கள்.

பின்னாளில் எல்எல்பியாக மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால், மாற்றுவதற்கு முன் ஏற்பட்ட கடன், பொறுப்புகளுக்குப் பார்ட்னர்கள் சொந்தமாகப் பதில் சொல்ல வேண்டியது அப்படியே தொடரும்.