சுவரைப் பார்த்து ஊர் சொல்லும் சோசியக்காரர்கள்

சுவத்துல அரிவாள் சுத்தியல் இருந்தா கேரளா, இல்லாட்டி வங்காளம். ரெட்டை இலை இருந்தா நம்மூரு. சைக்கிள் இருந்தா உ.பி. நம்மாளுங்க கையில இருக்கற வாய்ப்பாடு இவ்வளவுதான். இதை வச்சுக்கிட்டு வாட்சப்ல வர்ற எந்தப் படத்துக்கும் மூணு செகண்டுல ஊர் பேர் சொல்லிடறாங்க. கொல்கத்தாவுல பொட்டி தட்டிக்கிட்டு, பன்னெண்டு வருஷமா தேர்தல் சுவர்களைப் பார்த்துக்கிட்டே ஆபீஸ் போற எனக்கு இதைப் பார்த்தா பத்திக்கிட்டு வருது.

கொஞ்ச நாள் முன்னாடி எங்க தமிழ்க் குடும்பங்கள் குழுவுக்கு ஒரு படம் வந்துச்சு. எரிஞ்சுபோன கடை ஒண்ணு, பக்கத்துல சுண்ணாம்பு அடிச்ச சுவர், அதுல சிவப்புல அரிவாள், சுத்தியல், நட்சத்திரம், சுத்தி வங்காள எழுத்து. கீழே ‘நேத்து ராத்திரி கொல்கத்தாவில்’னு ஒரு வரி. ஒரு மணி நேரத்துல ஊர்ல இருக்கற அம்மாக்கள் எல்லாம் ஃபோன் போட ஆரம்பிச்சாச்சு, ‘கெளம்பி வந்துடுடா’ன்னு. அது கூடப் பரவாயில்லை. குழுவுல ஒருத்தர், அவர் வீட்டுல வேலை செய்யற அக்கா இருக்கற பேட்டைதான் அதுன்னு தானே முடிவு பண்ணி, ரெண்டு நாள் வரவேண்டாம்னு சொல்லிட்டார். ரெண்டு நாள் கூலி போனது அந்தக்காவுக்கு. ‘படத்துலயே தெரியுதே சார், சுவத்தைப் பாருங்க’ன்னு எனக்கே பாடம் எடுத்தார்.

சரி, சுவத்தையே பார்ப்போம்னு படத்தைப் பெருசாக்கி உட்கார்ந்தேன்.

முதல்ல எழுத்து. வங்காளமும் அசாமியும் ஏறக்குறைய ஒரே எழுத்துதான். ஆனா ‘ர’ காட்டிக் குடுத்துடும். வங்காளத்துல முக்கோணம் மாதிரி ஓர் எழுத்து, அதுக்குக் கீழே புள்ளி. அசாமியில புள்ளிக்குப் பதிலா வயித்துல ஒரு கோடு. இந்தப் படத்துல இருந்தது புள்ளி. அதனால மொழி வங்காளம், அதுல சந்தேகமில்லை. ஆனா மொழி வங்காளம்னா மாநிலம் மேற்கு வங்காளம்னு யார் சொன்னது? திரிபுராவுலயும் அதே எழுத்து, அதே மொழி. அசாம்ல சில்சார் பக்கம் போனாலும் அதேதான். அரிவாள், சுத்தியல், நட்சத்திரம் மார்க்சிஸ்ட் கட்சிச் சின்னம். அந்தக் கட்சி 2011 வரைக்கும் வங்காளத்தை ஆண்டது, 2018 வரைக்கும் திரிபுராவை ஆண்டது. ஆக, இன்னும் மூணு இடம் கையில நிக்குது.

அடுத்து வருஷம். சுவத்துல 2018னு தெளிவா இருந்துச்சு. மேற்கு வங்காளத்துல சட்டமன்றத் தேர்தல் நடந்தது 2011, 2016, 2021, 2026ல. அசாமும் அதே வருஷங்கள்தான். திரிபுராவுலதான் 2013, 2018, 2023. அப்போ திரிபுரான்னு குதிச்சுடலாமா? கூடாது. இங்கதான் முக்காவாசிப் பேர் வழுக்கி விழறாங்க. மேற்கு வங்காளத்துல பஞ்சாயத்துத் தேர்தல் நடந்ததும் 2013, 2018, 2023ல தான்! அதனால எண்ணை மட்டும் பார்த்துப் பிரயோஜனமில்லை, எண்ணுக்கு முன்னாடி இருக்கற வார்த்தையை வாசிக்கணும். ‘பஞ்சாயத்’னு இருந்திருந்தா வங்காளக் கிராமமா இருக்கலாம் (கொல்கத்தா நகரத்துக்குள்ள பஞ்சாயத்தே கிடையாது, அப்பவும் அது கொல்கத்தா ஆகாது). இருந்தது ‘பிதான்சபா’. அதாவது சட்டமன்றம். கதை முடிஞ்சது.

ஆனாலும் சுவத்தை மட்டும் நம்பி நான் எதையும் சொல்றதில்லை. எரிஞ்ச கடைக்கு அடுத்த கடைப் பலகையில முகவரி இருந்தது, கடைசியில பின்கோடு 799ல ஆரம்பிச்சது. அது திரிபுரா. கொல்கத்தான்னா 700. வண்டி நம்பரை விடக் கடைப் பலகை நம்பகமானது, வண்டி ஊர் ஊராப் போகும், பலகை போகாது.

இதுக்கு மேல அந்தப் படம் என்கிட்ட எதுவும் சொல்லலை. எந்த ஊர்? தெரியாது. எப்போ எரிஞ்சது? அதுவும் தெரியாது. எழுத்துக்குக் கீழ்ப்பாதி மழையில கரைஞ்சு, எண்கள் மேல பாசி ஏறியிருந்தது. அதனால எழுதினதுக்கப்புறம் மழைக்காலம் ஒண்ணாவது போயிருக்கணும். சுவத்துல இருக்கற வருஷம், படம் அந்தத் தேர்தலுக்குச் சுவர் எழுத ஆரம்பிச்சதுக்கு முன்னாடி எடுத்ததில்லைன்னு மட்டும்தான் சொல்லும். பின்னாடி எவ்வளவு நாள் கழிச்சுன்னு சொல்லாது. இங்க எங்க தெருவுலயே ரெண்டு தேர்தலுக்கு முந்தின சின்னம் சுண்ணாம்பு உரிஞ்ச இடத்துல எட்டிப் பார்த்துக்கிட்டு இருக்கு. அதைப் படமெடுத்துப் போட்டா, நம்ம சோசியக்காரர் ஆட்சியையே மாத்திடுவார் :-)

ரெட்டை இலைக்கு வருவோம். தேர்தல் ஆணையத்தோட 1968ஆம் வருஷச் சின்ன ஆணைப்படி, மாநிலக் கட்சிக்கு அந்தந்த மாநிலத்துலதான் சின்னம் ஒதுக்கீடு. இன்னொரு மாநிலத்துல அதே சின்னம் வேற கட்சிக்கு இருக்கலாம். கோட்டயம் பக்கம் ரெட்டை இலை பார்த்தா அது அண்ணா திமுக இல்லை, கேரள காங்கிரஸ் மாணி கட்சி. சைக்கிள் உ.பி.யில சமாஜ்வாதி, ஆந்திராவுல தெலுங்கு தேசம். யானை நாடு முழுக்க மாயாவதி கட்சிதான், அசாம்ல மட்டும் அசாம் கண பரிஷத். வில் அம்பு மகாராஷ்டிராவுல சிவசேனா, ஜார்க்கண்டுல முக்தி மோர்ச்சா. சின்னத்தை மட்டும் பார்த்து ஊர் சொல்றவர், பக்கத்துல இருக்கற எழுத்து எந்த மொழின்னு கூடப் பார்க்கலைன்னுதான் அர்த்தம்.

பெரிய பெரிய சுவரோவியங்கள் இன்னும் மோசம். டெல்லி லோதி காலனி, சென்னை கண்ணகி நகர் ரெண்டையும் வரைய ஏற்பாடு பண்ணினது ஒரே அமைப்பு. வரைஞ்சவங்கள்ல வெளியூர், வெளிநாட்டு ஓவியர்களும் உண்டு. அதனால பாணி பார்த்தா ஏற்பாடு பண்ணின கூட்டம் தெரியும், ஊர் தெரியாது. மதுபனி ஓவியம் பார்த்ததும் பீகார்னு சொல்றதும் இதே ரகம்தான். டெல்லிச் சுவர்கள்லயும் மதுபனி உண்டு. அந்த மாதிரி சுவத்துல நான் தேடறது ஓவியத்தை இல்லை, மூலையில சின்னதா எழுதியிருக்கற மாநகராட்சிப் பேரை.

எனக்கு இதையெல்லாம் விடக் கோபம் வர்றது வேற ஒண்ணுக்கு. ஊரோட நிக்காம, ‘இந்த வீட்டுச் சுவத்துல அந்தக் கட்சி எழுதியிருக்கு, அப்ப வீட்டுக்காரன் அவனுங்க ஆள்தான்’னு படத்தோட வட்டம் போட்டு அனுப்பறாங்க பாருங்க, அது. இங்க தேர்தலுக்கு ரொம்ப முன்னாடியே பசங்க வந்து சுவத்து மூலையில கட்சிப் பேரையும் வருஷத்தையும் கிறுக்கி இடம் பிடிச்சுடுவாங்க. வீட்டுக்காரர் அனுமதி வேணும்ங்கறதெல்லாம் காகிதத்துல. 2006ல தேர்தல் ஆணையம் கெடுபிடி பண்ணினப்போ சுவரெல்லாம் வெள்ளையா இருந்ததுன்னு இன்னும் இங்க அதிசயமாப் பேசிக்கறாங்க. எங்க வீட்டு ஓனர் வயசானவர், தனியா இருக்கார். அவர் சுவத்துல போன தடவை ஒரு கட்சி, அதுக்கு முந்தின தடவை எதிர்க்கட்சி. ‘தாதா, உங்களைக் கேட்டாங்களா?’ன்னு விசாரிச்சேன். சிரிச்சார். ‘பெயிண்ட் டப்பாவை வைக்க ஸ்டூல் இருக்கான்னு கேட்டாங்க, குடுத்தேன்’னார்.