வீட்டுக் கடன் வரிச்சலுகை: வட்டிக்கு உண்டு, அழகிய கடனுக்கு இல்லை!

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அரசு ஊழியர்களும் சிமெண்ட் ஆலைப் பணியாளர்களும் வங்கிக் கடனில் வீடு கட்டுவதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று, 'வருமான வரி மிச்சமாகும்' என்பது. வட்டி ஹராம் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. இந்தக் கணக்காவது உண்மைதானா என்று பார்ப்போம்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இரண்டு தனித்தனி வரம்புகளை வைத்தது. குடியிருக்கும் வீட்டுக்கான வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை பிரிவு 24-இன் கீழ் கழிக்க அது அனுமதித்தது. அசலுக்கு அதில் இருந்தது பிரிவு 80சி. அதன் வரம்பு 1.5 லட்சம். பி.எஃப்., காப்பீட்டு பிரீமியம் எல்லாம் இதே 1.5 லட்சத்துக்குள் அடங்கும். இவை பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே.

கணவன் அரியலூர் ஆலையிலும் மனைவி பெரம்பலூர் பள்ளியிலும் வேலை பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 3.6 லட்சம். கடன் ஒருவர் பெயரில் இருந்தால் 2 லட்சம்தான் கழியும். இருவரும் சம பங்கு உரிமையாளர்களாகவும் கடன்தாரர்களாகவும் இருந்தால் ஆளுக்கு 1.8 லட்சம் கழிக்கலாம். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. கிரயப் பத்திரத்திலும் பெயர் இருக்க வேண்டும், தவணையில் அவரவர் பங்கைக் கட்டியதற்கு வங்கிக் கணக்கில் ஆதாரமும் வேண்டும். பலருக்குச் சலுகை மறுக்கப்படுவது இங்கேதான்.

சரி, மிச்சம் எவ்வளவு? இருவரும் 20 சதவீத வரி அடுக்கில் இருந்தால், கூடுதல் தீர்வையும் சேர்த்து, ஆளுக்கு 37,440 ரூபாய். இருவருக்கும் சேர்த்து 74,880. கட்டிய வட்டியோ 3,60,000! மீதி 2,85,120 ரூபாய் கையை விட்டுப் போனதுதான். வரியை மிச்சப்படுத்த வட்டிக் கடன் வாங்குவது உலகக் கணக்கிலும் நஷ்டமே.

மறுபக்கம், லெப்பைக்குடிக்காட்டிலோ வி.களத்தூரிலோ ஒருவர் உறவினரிடம் வட்டியில்லாத அழகிய கடன் பெற்று வீடு வாங்குகிறார். வட்டி இல்லாததால் வட்டிக்கான கழிவு அவருக்குப் பயன்படாது. அசலைத் திருப்பிக் கட்டினாலும் சலுகை கிடையாது. காரணம், வங்கி, வீட்டுவசதி நிறுவனம் போன்ற குறிப்பிட்ட இடங்களில் வாங்கிய கடனை மட்டுமே சட்டம் ஏற்கிறது. வட்டி கட்டுபவருக்குச் சலுகை, தவிர்ப்பவருக்கு ஒன்றுமில்லை என்பதே சட்டத்தின் நிலை.

அவருக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. வீடு வாங்கும்போது கட்டும் முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும், கடனே வாங்காவிட்டாலும், அந்த ஆண்டின் 1.5 லட்ச வரம்புக்குள் காட்டலாம். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

இஸ்லாமிய முறையில் வீடு வாங்குவோர் இருமுறை முத்திரைத் தீர்வை கட்டும் நிலையை பிரிட்டன் 2003-லேயே நீக்கியது. வட்டியில்லாக் கடனின் அசலையும் இந்த 1.5 லட்ச வரம்பில் சேர்க்கக் கோருவது சலுகை கேட்பதல்ல, சமநீதி கேட்பதே. நமது மக்கள் பிரதிநிதிகள் இதை நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டும்.