'கெட்ட ரத்தம்' என்று ஒன்று இல்லை

"கரு கலைஞ்சா அப்படித்தான் இருக்கும். கெட்ட ரத்தமெல்லாம் போயிடட்டும், தானா நின்னுடும்." கரு தானாகச் சிதைந்தாலும் சரி, மாத்திரை போட்டுக் கலைத்தாலும் சரி, வீட்டுப் பெரியவர்களிடமிருந்து பெண்கள் கேட்கும் முதல் ஆறுதல் இதுதான். பாதி உண்மைதான். மீதிப் பாதியை நம்பிக் காத்திருந்தவர்கள் சில வாரங்கள் கழித்து ரத்தசோகையோடு மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

முதலில், போவது கெட்ட ரத்தமா? இல்லை. உடம்பில் ஓடும் அதே ரத்தம்தான். கரு ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் திறந்து கிடக்கும். கருப்பை இறுகிச் சுருங்கும்போதுதான் அவை நெரிபட்டு மூடும். நஞ்சுத் திசுவில் ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டால் கருப்பையால் முழுதாகச் சுருங்க முடியாது. அதனால் ரத்தம் நிற்காது. துண்டை வெளியே தள்ளக் கருப்பை திரும்பத் திரும்ப முயல்வதுதான் விட்டுவிட்டு வரும் அடிவயிற்று வலி. சில சமயம் துண்டு கருப்பை வாயிலேயே சிக்கி நிற்கும். அப்போது ரத்தம் கொட்டும், நாடித் துடிப்பு குறையும், பெண் மயங்கியும் விழலாம். மருத்துவர் இடுக்கியால் அதை எடுத்ததும் பெரும்பாலும் சில நிமிடங்களில் நிலைமை மாறும்.

அடுத்தது, "மாசம் பூரா போனாலும் சகஜம்" என்ற பேச்சு. மாத்திரைக் கலைப்பில் ரத்தப்போக்கு சராசரியாக 9 முதல் 16 நாள் இருக்கும். நூற்றில் எட்டுப் பேர் வரை 30 நாளைத் தாண்டுவதும் உண்டு. ஆகவே நாள் கணக்கை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது போக்கை. நாளுக்கு நாள் குறைந்து, பழுப்பாகி, திட்டுத்திட்டாக முடிவது இயல்பு. குறைந்து வந்தது மறுபடி செக்கச்செவேலென்று கட்டிகளோடும் வலியோடும் திரும்பினால், உள்ளே ஏதோ தங்கியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் முழுதாக நனைந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

"காய்ச்சல் இல்லையே, பிறகென்ன?" என்பது மூன்றாவது. மிசோப்ரோஸ்டால் போட்ட அன்று குளிரும் காய்ச்சலும் வருவது மருந்தின் வேலை. ஒரு நாள் கழிந்தும் 100.4 டிகிரிக்கு மேல் நீடித்தாலோ, நாற்றத்தோடு கசிந்தாலோ அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அபூர்வமாக, காய்ச்சலே இல்லாமல் நாடி மட்டும் படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி, எழ முடியாத அசதியோடும் தொற்று முற்றும். 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 28 வயதுப் பெண் ஒருவர் மாத்திரைக் கலைப்புக்குப் பின் திசு தங்கிய நிலையில் மருத்துவமனைக்கு வந்தார். தொற்றின் அறிகுறிகள் இருந்தும் திசுவை அகற்றச் சுமார் 20 மணி நேரம் தாமதமானது, அவர் இறந்தார். தடுத்திருக்கக்கூடிய மரணம் என்று மாநிலக் குழு முடிவு செய்தது. இத்தகைய தொற்று எல்லோருக்கும் வருவதில்லை. பிரிட்டனில் முதல் மூன்று மாதக் கருச்சிதைவுகளில் 1,200 பெண்களை வைத்துச் செய்து 2006-இல் வெளியான ஆய்வில், காத்திருந்தவர்கள், மருந்து எடுத்தவர்கள், அறுவைக்குப் போனவர்கள் என எந்தப் பிரிவிலும் தொற்று நூற்றில் இரண்டு மூன்று பேருக்குத்தான் வந்தது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: "ஸ்கேன்ல மிச்சம் இருக்கு, உடனே கிளீன் பண்ணியே ஆகணும்." இரண்டு பெண்களை வைத்துப் பார்க்கலாம். இருவருக்கும் ஏழாம் வாரத்தில் கலைந்தது. பதினெட்டாம் நாள் ஸ்கேனில் இருவர் கருப்பையிலும் 15 மில்லிமீட்டரில் ஏதோ தெரிகிறது. ஒருவருக்குத் திட்டாகத்தான் படுகிறது, வலியில்லை, டாப்ளரில் அந்த இடத்தில் ரத்த ஓட்டமும் இல்லை. அது உறைந்த ரத்தமாகவே இருக்கலாம். மருத்துவர் சொல்லும் நாளில் திரும்பக் காட்டிக்கொண்டு அடுத்த மாதவிலக்கு வரை பொறுக்கலாம். மற்றவருக்குக் கட்டிகளோடு வலி, டாப்ளரில் ஓட்டம், ஹீமோகுளோபினும் இறங்குகிறது. அவருக்கு இன்னொரு தவணை மிசோப்ரோஸ்டாலோ, உறிஞ்சி எடுப்பதோ தேவைப்படும். அறிக்கை ஒன்று, சிகிச்சை இரண்டு.

எடுத்தே ஆக வேண்டுமென்றாலும் கரண்டியால் சுரண்டும் பழைய டி அண்ட் சி தேவையில்லை. உறிஞ்சி எடுக்கும் முறையையே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. சுரண்டல் ஆழமானால் கருப்பையின் உட்சுவர்கள் ஒட்டிக்கொண்டு மாதவிலக்கே நின்றுபோகலாம்.

கடைசியாக, ஸ்கேன் பார்க்காமல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டவர்கள் கவனிக்க வேண்டியது. கரு குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது, ரத்தம் மட்டும் போகும். ஒரு பக்க வலியோ, தோள்பட்டை நுனியில் வலியோ, மயக்கமோ வந்தால் அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. கலைந்து நான்கு வாரம் வரைகூட அது இரட்டைக் கோடு காட்டும்.