தாது வருஷப் பஞ்சம்: மழையும் விலையும் கூலியும்

நம் பாட்டன், பூட்டன் இந்த மலைக்கு எப்படி வந்தார்கள் என்று லயத்தில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் "பஞ்சம் பிழைக்க வந்தோம்" என்பார். பஞ்சம் ஏன் வந்தது என்று கேட்டால் "மழை இல்லை" என்பார். முதல் பதில் பெரும்பாலும் சரி. இரண்டாவது பதில் பாதிதான் சரி என்பது எங்கள் கருத்து. மீதிப் பாதியைத் தொழிற்சங்கத்தில் இருக்கும் நாம்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது சம்பளத்தைப் பற்றியது.

எடுத்துக்கொள்வது 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் பம்பாய் தக்காணத்தையும் அழித்த பஞ்சம். தமிழ் ஆண்டின் பெயரால் அதைத் தாது வருஷப் பஞ்சம் என்கிறார்கள். அந்தக் காலத்தில் சேலம், மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து கடல் கடந்து இங்குள்ள கோப்பித் தோட்டங்களுக்குப் பெருங்கூட்டம் வந்தது. 1877இல் மட்டும் வந்தவர்கள் ஒரு இலட்சத்துக்கும் அதிகம்.

முதலில் மழையைப் பார்ப்போம். 1876இல் தென்மேற்குப் பருவமழை குறைந்தது. வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. அடுத்த ஆண்டு மழையும் நேரத்துக்கு வரவில்லை. அதே காலத்தில் வட சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் கடும் வறட்சி இருந்தது. பசிபிக் கடலின் நீர் வழக்கத்தைவிடச் சூடேறி, உலகின் மழை ஒழுங்கையே குலைத்ததுதான் இவற்றுக்குப் பொதுக் காரணம் என்று இன்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். எல் நினோ என்று வானொலியில் கேட்கிறோமே, அதுதான். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் மழை தவறினால் தாங்குவதற்குத்தான் ஊருக்கு ஊர் ஏரி, குளம் வெட்டி வைத்திருந்தார்கள். ஊரார் கூடித் தூர் எடுக்கும் குடிமராமத்து வழக்கம் வெள்ளையர் ஆட்சியில் தளர்ந்தது. ஏரிகள் மேடேறின. அரசாங்கத்தின் பணம் நீர்ப்பாசனத்தைவிட ரயில் பாதைக்கே அதிகமாகப் போனது. கோதாவரியில் அணை கட்டிய பொறியியலாளர் ஆர்தர் கொட்டன் இதைத்தான் விடாமல் குறை சொல்லிக்கொண்டிருந்தார். நிலவரியோ விளைச்சல் நல்ல ஆண்டிலேயே கையில் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

சரி, பயிர் கருகியது. அதனால் நாட்டில் தின்பதற்குத் தானியமே இல்லாமல் போனதா? இல்லை. பர்மாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் அரிசி கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. அங்கிருந்து ரயிலில் உள்நாட்டுக்குப் போனது. இன்னொரு பக்கம் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதியாகிக்கொண்டும் இருந்தது. அதை யாரும் நிறுத்தவில்லை. பஞ்சத்துக்கு ரயில்தான் மருந்து என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் ரயில் தானியத்தைப் பசி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகவில்லை. விலை கொடுக்க ஆள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனது. முன்பு ஓர் ஊரில் விளைந்தது அந்த ஊர்ச் சந்தையிலேயே கிடந்திருக்கும். இப்போது எங்கோ தூரத்தில் ஏறிய விலை இங்கேயும் ஏறியது. தானிய விலை இரண்டு, மூன்று மடங்கானது.

கூலியாளின் வீட்டில் இது என்ன செய்தது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஒரு நாள் கூலியில் மூன்று இறாத்தல் தானியம் வாங்கி வந்தார் என்று வைத்துக்கொள்வோம். அதில் குடும்பம் எப்படியோ நாளை ஓட்டும். விலை மூன்று மடங்கானால், கூலி குறையாமலே இருந்தாலும், கையில் வருவது ஒரு இறாத்தல். கூலியும் இருந்ததில்லையே! வயல் காய்ந்தால் நடவு இல்லை, களை எடுப்பு இல்லை, அறுப்பு இல்லை. அப்போது மூன்று இறாத்தல் ஒன்றுமில்லாமல் போகிறது. சந்தையில் மூட்டை மூட்டையாக அரிசி இருக்கும்போதே இது நடக்கிறது.

நெசவாளரின் கதையும் இதுதான். அவருடைய தறிக்கும் மழைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனால் சோற்றுக்கே காசு போதாதவன் வேட்டி வாங்க மாட்டான். இங்கிலாந்தின் ஆலைத் துணி ஏற்கெனவே அவர் பிழைப்பைப் பாதியாக்கியிருந்தது. ஆகவே முதலில் விழுந்தவர்களில் அவரும் ஒருவர். நிலமுள்ள பெரிய குடியானவன் குதிரில் இருந்ததை வைத்துச் சமாளித்தான். சின்னவன் மாட்டை விற்றான், பிறகு நகையை, பிறகு கதவு நிலையை. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றதால் மாட்டுக்கும் நகைக்கும் விலை விழுந்தது. கூலியாளுக்கு விற்க உழைப்பு ஒன்றுதான். அதை வாங்கத்தான் ஆள் இல்லை.

1880இல் அரசாங்கத்தின் சொந்தப் பஞ்ச விசாரணைக் குழுவே இதை ஒப்புக்கொண்டது. உணவு இல்லாமையைவிட வேலையும் கூலியும் இல்லாமையே மக்களைக் கொன்றது என்பது அதன் அறிக்கையின் சாரம்.

இனி அரசியல். சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபு 1876இன் இறுதியில் சுமார் 30,000 தொன் அரிசியை அரசாங்கச் செலவில் வாங்க ஏற்பாடு செய்தார். (சென்னையின் பக்கிங்ஹாம் கால்வாய் இவர் பெயரால் வந்தது. நகருக்குள் போகும் அதன் துண்டை வெட்டியவர்கள் பஞ்ச நிவாரணக் கூலிகள்.) வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் அரசாங்கம் அவரைக் கண்டித்தது. தானிய வியாபாரத்தில் அரசு கை வைத்தால் வியாபாரிகள் பின்வாங்குவார்கள், சந்தையே எல்லாவற்றையும் சரிப்படுத்தும் என்பது அவர்களுடைய கொள்கை. அதே லிட்டன்தான் 1877 ஜனவரி முதலாம் திகதி விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினியாக அறிவிக்க டில்லியில் பெரும் தர்பார் நடத்தி, ஒரு வாரம் விருந்து வைத்தார்.

செலவைக் கட்டுப்படுத்த அவர் அனுப்பிய ஆள் சேர் ரிச்சர்ட் டெம்பிள். இவரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் பீஹாரில் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள் பர்மாவிலிருந்து ஏராளமான அரிசி தருவித்துத் தாராளமாகப் பங்கிட்டார். சாவு மிகக் குறைவாக இருந்தது. அதற்காக அவருக்குப் பாராட்டு கிடைக்கவில்லை. பணத்தை வீணடித்தார் என்ற ஏச்சுத்தான் கிடைத்தது. ஆகவே பஞ்சத்தில் ஆட்களைக் காப்பாற்றும் வழி ஆட்சியாளருக்குத் தெரியாமல் இருக்கவில்லை. செய்து பார்த்துவிட்டு, செலவு கூடிப்போயிற்று என்று கைவிட்டார்கள்.

சென்னைக்கு வந்த டெம்பிள், நிவாரண வேலைக்கான கூலியை வெட்டினார். அதுவரை ஒன்றரை இறாத்தல் தானியம் வாங்கும் அளவுக்கு இருந்த கூலி, ஒரு இறாத்தல் தானியத்தின் விலையும் மேற்செலவுக்குக் கொஞ்சம் சில்லறையும் என்று ஆனது. ஒரு இறாத்தல் அரிசி என்றால் இன்றைய கணக்கில் 450 கிராம். அதிலிருந்து கிடைப்பது சுமார் 1,600 கலோரி. படுத்துக் கிடப்பவருக்கே அது மட்டுமட்டுத்தான். இவர்களோ நாள் முழுக்க மண் வெட்டிக் கல் உடைத்தவர்கள். அதுவும் வீட்டிலிருந்து மைல் கணக்கில் நடந்து முகாமுக்கு வந்தால்தான் வேலை. அவ்வளவு தூரம் நடந்து வருபவரே உண்மையில் பசித்தவர் என்பது அவர்களின் சோதனை. உண்மையில் பசித்தவரால் நடக்க முடியாது என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

சென்னையின் சுகாதார ஆணையாளர் டொக்டர் கோர்னிஷ் இதை எதிர்த்தார். சிறையில் இருக்கும் கைதிக்குக்கூட இதைவிட அதிக உணவு கொடுக்கிறோமே என்று அவர் எழுதினார். வாதம் கடிதங்களில் மாதக்கணக்கில் நடந்தது. முகாம்களில் ஆட்கள் எலும்பும் தோலுமானார்கள், வாந்திபேதி வந்தது. சில மாதங்களுக்குப் பிறகு சென்னை அரசாங்கம் கூலியை உயர்த்தியது. அதற்குள் கூலியால் இறந்தவர்களின் கணக்கு வாந்திபேதியின் பெயரில் எழுதப்பட்டுவிட்டது. பிறகு மழை வந்தபோது மெலிந்த உடல்களைக் காய்ச்சல் கொண்டுபோனது. இந்தியா முழுவதுமாக ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள் என்று கணக்கிடப்படுகிறது.

பம்பாய் மாகாணத்தில் வேறொன்று நடந்தது. அங்கே இதே வெட்டு வந்தவுடன் நிவாரணக் கூலிகள் ஆயிரக்கணக்கில் வேலைத்தளத்தை விட்டு வெளியேறினார்கள். பூனா சார்வஜனிக் சபா அவர்களுக்காக மனு எழுதியது. பட்டினி கிடப்பவர்கள் செய்த வேலைநிறுத்தம் அது! தொழிற்சங்கம் என்ற பேச்சே இந்தியாவில் இல்லாத காலம். நம்முடைய சங்க வரலாறு எழுதுபவர்கள் இதையும் ஒரு பக்கத்தில் எழுத வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

ஊரில் உழைப்பை வாங்க ஆளில்லாத அந்த வேளையில் வாங்க வந்தவர் கங்காணி. முன்பணம் கொடுத்தார், வழிச்செலவு கொடுத்தார், இரண்டையும் கடனாக எழுதினார். தோட்டத்தில் கொடுத்த அரிசியின் விலையைச் சம்பளத்தில் கழித்தார்கள். அந்த அரிசியும் கடல் கடந்து வந்ததுதான். அக்கரையில் விலை ஏறினால் இங்கும் ஏறும். எவ்வளவு கடன் என்பதைச் சொல்லும் "துண்டு" இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்கள், கூலிக்கு எவ்வளவு அரிசி என்ற அதே கணக்குக்குள்தான் மறுபடியும் வந்து சேர்ந்தார்கள்.

இந்தக் கணக்கை இன்றைக்கும் நாம் போட வேண்டியிருப்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறோம். 1974இல் மாவுக்கும் அரிசிக்கும் தோட்டங்களில் பட்ட பாட்டை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தபோது கோதுமை மா கிலோ நூறு ரூபாய்க்குக் குறைவு. ஒரு பேருக்குப் பத்துக் கிலோ மா வாங்கலாம். 2022இல் மா முந்நூறு ரூபாயைத் தாண்டியபோது அதே ஆயிரம் ரூபாய்க்கு மூன்று கிலோ. சம்பளச் சீட்டில் ஒரு சதமும் குறையவில்லை. அதைப் பஞ்சம் என்று யாரும் அறிவிக்கவில்லை, நாங்களும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் 1877இன் கூலியாளுக்கு நடந்த கழித்தல் இதுதான்.

ஆகவே சம்பளப் பேச்சுவார்த்தையில் ரூபாய்த் தொகையை மட்டும் வைத்துப் பேசுவது போதாது என்கிறோம். ஒரு நாட்சம்பளம் எத்தனை கிலோ மா, எத்தனை கிலோ அரிசி என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி, விலை ஏறி அந்த அளவு குறையும்போது அடுத்த ஒப்பந்தம் வரை காத்திராமல் சம்பளம் திருத்தப்பட வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மாதத்தின் முதல் ஞாயிறன்று பக்கத்துக் கடையில் மா, அரிசி, பருப்பு விலையை எழுதி வைக்கத் தொடங்கினால், அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது நம் கையில் ஒரு கொப்பியாவது இருக்கும்.