தக்காளிக் கணக்கும் எஸ்.ஐ.பி. கணக்கும்

எங்கள் திண்டுக்கல் நாகல் நகரில் சின்னதாக மெஸ் நடத்தும் அக்கா ஒருவர் இருக்கிறார். மாதம் 1,000 ரூபாய் மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போடுகிறார். போன வாரம் சாப்பிடப் போனபோது, இலையைப் போட்டுவிட்டு ஒரு நோட்டையும் பக்கத்தில் வைத்தார்.

"தம்பி, ஒவ்வொரு மாசமும் யூனிட் என்ன விலைக்கு வாங்குனாங்கனு எழுதி வச்சிருக்கேன். எல்லா விலையையும் கூட்டி, மாசக் கணக்கால வகுத்தா ஒரு சராசரி வருது. ஸ்டேட்மென்ட்ல அதைவிடக் கம்மியா போட்டிருக்கான். எது சரி? சேர்த்துவிட்ட ஏஜென்ட்டைக் கேட்டா, 'அதான்க்கா எஸ்.ஐ.பி.யோட மகிமை. எப்பவும் சராசரியைவிடக் கம்மியாத்தான் வாங்கும், நஷ்டமே வராது'ங்குறாரு. நெசமா?"

அக்கா கேட்டது இரண்டு கேள்விகள். ஸ்டேட்மென்ட் சரியா என்பது முதலாவது. ஏஜென்ட் சொன்னது சரியா என்பது இரண்டாவது. முதலாவதற்கு அக்காவின் தக்காளிக் கூடையிலேயே பதில் இருக்கிறது.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி விலை எப்படி ஏறி இறங்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரம் கிலோ 20 ரூபாய், மறுவாரம் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 100 ரூபாய்க்குத்தான் தக்காளி வாங்குவது என்று அக்கா முடிவு செய்தால், முதல் வாரம் 5 கிலோ வரும், மறுவாரம் 2 கிலோதான் வரும். மொத்தம் 200 ரூபாய்க்கு 7 கிலோ. கிலோவுக்கு அடங்கல் விலை 28 ரூபாய் 57 காசு. ஆனால் 20-ஐயும் 50-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 35 ரூபாய் வருகிறது.

இதில் மாயம் எதுவும் இல்லை. மலிவான வாரத்தில் அதிகம் வாங்கியதால், கூடையில் 20 ரூபாய்த் தக்காளிதான் நிறைய இருக்கிறது. விலைகளை மட்டும் கூட்டி வகுக்கும்போது, 5 கிலோவுக்கும் 2 கிலோவுக்கும் ஒரே மதிப்புக் கொடுத்துவிடுகிறோம். வாரம் 3 கிலோ என்று அளவை வைத்து வாங்கியிருந்தால் அடங்கல் விலை சரியாக 35 ரூபாய்தான் வந்திருக்கும். ஆக, நோட்டில் அக்கா போட்ட சராசரி, ஒவ்வொரு மாதமும் ஒரே எண்ணிக்கையில் யூனிட் வாங்கியவருக்கான கணக்கு. ஒரே தொகைக்கு வாங்கும் அக்காவுக்கு ஸ்டேட்மென்ட்தான் சரி. போட்ட மொத்தப் பணத்தை, கையில் உள்ள மொத்த யூனிட்டால் வகுத்தால் அந்த எண் வந்துவிடும். 2020 ஜூலையிலிருந்து வாங்கும் தொகையில் 0.005 சதவீதம் முத்திரை வரி பிடிப்பதால், காசுக் கணக்கில் சிறு வித்தியாசம் இருக்கலாம்.

இனி இரண்டாவது கேள்வி. இதற்கு 2020-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கொரோனாவால் சந்தை விழுந்த வருடம். அந்த ஜனவரி கடைசியில் நிஃப்டி 11,962 புள்ளிகளில் இருந்தது. மார்ச் கடைசியில் 8,598. கணக்கு எளிதாக இருக்க, நிஃப்டியை நூறால் வகுத்து, முழு ரூபாயாக்கி, அதையே ஒரு யூனிட்டின் விலை என்று கொள்வோம். மாதக் கடைசி நாளில் 1,000 ரூபாய் போட்டால்:

ஜனவரி: விலை 120, கிடைப்பது 8.33 யூனிட்
பிப்ரவரி: விலை 112, கிடைப்பது 8.93
மார்ச்: விலை 86, கிடைப்பது 11.63
ஏப்ரல்: விலை 99, கிடைப்பது 10.10
மே: விலை 96, கிடைப்பது 10.42
ஜூன்: விலை 103, கிடைப்பது 9.71

ஆறு மாதத்தில் 6,000 ரூபாய்க்கு 59.12 யூனிட். ஒரு யூனிட்டின் அடங்கல் விலை சுமார் 101 ரூபாய் 50 காசு. விலைகளின் சராசரியோ 102 ரூபாய் 67 காசு. ஏஜென்ட் சொன்னதில் முதல் பாதி உண்மைதான். விலை கொஞ்சமாவது மாறினால் போதும், ஒரே தொகைக்கு வாங்குபவரின் அடங்கல் விலை, விலைகளின் சராசரியைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

ஆனால் எவ்வளவு குறைவு என்று பாருங்கள். அப்படியொரு வீழ்ச்சி வந்த காலத்திலேயே யூனிட்டுக்கு ஒரு ரூபாய் சொச்சம்தான். விலை ஒரு மாதம் 90, மறுமாதம் 110 என்று ஆடினால் சராசரி 100, அடங்கல் விலை 99. ஆட்டம் இரட்டிப்பாகி 80, 120 என்று போனால் அடங்கல் விலை 96. ஆட்டம் சிறிதானால் இந்த வித்தியாசம் வேகமாகக் கரைந்துவிடும். தக்காளியில் அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததற்குக் காரணம், தக்காளி அப்படி ஆடும் என்பதுதான்.

அடுத்தது 'நஷ்டமே வராது' என்ற பாதி. அதே கணக்கை மே மாதத்தோடு நிறுத்திப் பாருங்கள். போட்டது 5,000 ரூபாய், கையில் 49.41 யூனிட். அடங்கல் விலை 101 ரூபாய் 19 காசு, விலைகளின் சராசரி 102 ரூபாய் 60 காசு. சராசரியைவிடக் குறைவாகத்தான் வாங்கியிருக்கிறோம். ஆனால் அன்றைய விலை 96. விற்றால் கிடைப்பது 4,743 ரூபாய். 257 ரூபாய் நஷ்டம்! ஜூனில் விலை 103-க்கு வந்த பிறகுதான் 6,000 ரூபாய் 6,089 ஆனது.

லாபமா நஷ்டமா என்று பார்க்க, அடங்கல் விலையை இன்றைய விலையோடு ஒப்பிட வேண்டும். பழைய விலைகளின் சராசரியோடு ஒப்பிட்டுப் பயனில்லை, ஏனென்றால் அந்தச் சராசரி விலைக்கு நம்மிடமிருந்து யாரும் வாங்கப்போவதில்லை. இன்னொன்று, அதே ஆறு விலைகளைத் தலைகீழாக அடுக்கினாலும் அடங்கல் விலை மாறாது. ஆனால் அப்போது கடைசி விலை 120, கையில் இருப்பது 7,094 ரூபாய். அடங்கல் விலை ஒன்றேதான், முடிவு வேறு.

ஃபண்டில் இல்லாமல் நேரடியாகப் பங்கு வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபண்டில் 8.33 யூனிட் என்று தசமத்தில் தருவார்கள். நம் பங்குச்சந்தையில் பங்கை முழுதாகத்தான் வாங்க முடியும். மாதம் 5,000 ரூபாய் ஒதுக்கி, 1,700-க்கும் 2,400-க்கும் இடையே ஆடும் ஒரு பங்கை வாங்குகிறீர்கள் என்றால், விலை இறங்கினாலும் ஏறினாலும் வருவது இரண்டு பங்குதான். மலிவான மாதத்தில் கூடுதலாக எதுவும் வராது, மிச்சப் பணம் கணக்கில் தூங்கும். எஸ்.ஐ.பி. போடுவதாக நினைத்துக்கொண்டு, விலைகளின் சராசரிக்கே வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

எல்லாவற்றையும் கேட்ட அக்கா, நோட்டில் விலைக்குப் பக்கத்தில் 'யூனிட்' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டார். "அப்ப, மார்க்கெட் இறங்கியிருக்கும்போது பணம் தேவைப்பட்டா?" என்றார்.

"நஷ்டத்துக்குத்தான்க்கா விக்கணும்."

"பொண்ணு காலேஜ் ஃபீஸு வர்ற ஜூன்ல கட்டணும் தம்பி. அந்தப் பணத்தை இதுல போட்டிருக்கக் கூடாதுங்குற."

நோட்டை மூடி வைத்துவிட்டு ரசம் கொண்டுவரப் போனார்.