நியாயமாம் நியாயம்!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணி. புனேயிலிருந்து நான், திருநெல்வேலியில் அம்மா. வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கும்போதே "என்னடா, சிலை மாதிரி நிக்க?" என்றார்கள். அன்றைய 1.5 ஜிபி தீர்ந்துவிட்டது. வேகம் 64 கேபிபிஎஸ்.

கஸ்டமர் கேரில் கேட்டால் "நெட்வொர்க் பிஸி சார்" என்றான். பச்சைப் பொய்! ராத்திரி 11:55க்கு ஸ்பீட் டெஸ்ட் போட்டேன். ஆடாமல் அசையாமல் 64. டவரில் கூட்டமென்றால் வேகம் ஏறி இறங்கும். இப்படிக் கோடு போட்ட மாதிரி நிற்காது. 12 மணி தாண்டியதும் அதே நாற்காலி, அதே டவர், 18 எம்பிபிஎஸ்!

உள்ளே நடப்பது இதுதான் மக்களே. நம் டேட்டா முழுவதும் கம்பெனியின் கேட்வே வழியாகப் போகிறது. அது கணக்குப் பிரிவிடம் கொஞ்சம் கொஞ்சமாக எம்பி கடன் வாங்கி, செலவானதும் கணக்கு ஒப்பித்து, அடுத்த துண்டைக் கேட்கும். அதனால்தான் ஆப்பில் தெரியும் மீதி எப்போதுமே கொஞ்சம் பழசு. தினக்கணக்கு தீர்ந்ததும் பாலிசி சர்வர் "இவனுக்கு 64" என்று கேட்வேக்குச் சொல்லும். டவர் காலியா, நிரம்பியிருக்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை.

64 என்றால் நொடிக்கு 8 கேபி. ஒரு எம்பி இறங்க இரண்டு நிமிஷத்துக்கு மேல். வெறும் குரலுக்கு அது போதுமே என்பீர்கள். ஆனால் அந்த 64ஐ போனில் ஓடும் எல்லா ஆப்பும் பங்கு போடும். பின்னணியில் போட்டோ பேக்கப் ஓடினால், மிஞ்சும் பாக்கெட்டுகளை கேட்வே தூக்கி எறியும். அதில் அம்மாவின் குரலும் போகும். பேக்கப்பை நிறுத்திவிட்டுக் குரல் கால் மட்டும் போட்டுப் பாருங்கள், ஓரளவு கேட்கும்.

இப்போது என் வாரக் கணக்கு. திங்கள் முதல் சனி வரை ஆபீஸ் வைஃபை இருப்பதால் தினம் 0.6 ஜிபி, மொத்தம் 3.6. ஞாயிறு எனக்குத் தேவை 2. ஆக 5.6. காசு கொடுத்து வாங்கியதோ 10.5! கிட்டத்தட்ட பாதி தொடாமலே கிடக்க, வீட்டோடு பேசுகிற ஒரே நாளில் நான் "அதிகம் பயன்படுத்துபவன்" ஆகிவிட்டேன். தினமும் மிச்சமான 0.9 ஜிபியை நள்ளிரவில் அழித்தபோது இந்த நியாயம் எங்கே போயிருந்தது?

ட்ராய் 2016 அக்டோபரில் கம்பிவழி பிராட்பேண்டுக்கு, எஃப்யூபி தாண்டினாலும் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே இறக்கக்கூடாது என்று உத்தரவிட்டது. மொபைலை நம்பி வாடகை அறையில் இருப்பவன் மட்டும் என்ன பாவம் செய்தான்?

மிச்சத்தை மறுநாளுக்குச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த "நியாயம்" என்ற வார்த்தையையாவது எடுத்துவிடுங்கள்.